எண் மாறிய இணைப்பும் கிளைக்குறி மாறிய இணைப்பும்

விஜயா வங்கியும் தேனா வங்கியும் 2019 ஏப்ரல் 1 அன்று பாங்க் ஆஃப் பரோடாவுடன் இணைந்தன. சரியாக ஓராண்டு கழித்து, 2020 ஏப்ரல் 1 அன்று, சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடன் இணைந்தது. சட்டப்படி பார்த்தால் இரண்டும் ஒரே வகைக் காரியம்தான். மத்திய அரசு அரசிதழில் வெளியிட்ட திட்டத்தின்படி ஒரு பொதுத்துறை வங்கியின் சொத்து, கடன், வைப்புத்தொகை எல்லாம் இன்னொரு வங்கியின் பெயருக்குப் போயின. ஆனால் கணக்கு வைத்திருந்தவர்கள் இந்த இரண்டு இணைப்புகளையும் ஒரே மாதிரி அனுபவிக்கவில்லை. விஜயா வங்கிக்காரருக்குக் கணக்கு எண்ணே புதிதாக வந்தது. சிண்டிகேட் வங்கிக்காரருக்குக் கணக்கு எண் அப்படியே இருந்தது. கிளையின் ஐஎஃப்எஸ்சி குறி மட்டும் மாறியது.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாமவர் தப்பித்துக்கொண்டார் என்று தோன்றும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேரானது அல்ல. எண் மாறியவருக்கு வேலை அதிகம். ஆனால் வேலை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எண் மாறாதவருக்கு வேலை குறைவு. ஆனால் எதுவும் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தக் குறைந்த வேலையையும் விட்டுவிட அவருக்கு எல்லா வாய்ப்பும் உண்டு. இணைப்புக்குப் பிறகு எதைத் திருத்த வேண்டும் என்பதற்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஒரே மென்பொருள், வேறு முடிவு

கணக்கு எண் ஏன் ஒரு பக்கம் மாறியது, மறுபக்கம் மாறவில்லை? வங்கிகளின் கணினி அமைப்புகள் ஒத்துப்போகாததுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த இரண்டு இணைப்புகளும் அந்த விளக்கத்துக்குப் பிடிகொடுப்பதில்லை. பாங்க் ஆஃப் பரோடா, விஜயா, தேனா மூன்றும் ஃபினாக்கிள் என்ற மென்பொருளில்தான் இயங்கிவந்தன. கனராவும் சிண்டிகேட்டும் ஐஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்தின. இரு பக்கமும் உள்ளே மென்பொருள் ஒன்றே. இருந்தும் முடிவு வேறாகியது.

வேறுபாடு கணக்கு எண்ணின் அமைப்பில் இருந்தது. பாங்க் ஆஃப் பரோடாவின் கணக்கு எண் 14 இலக்கம் கொண்டது. அதன் முதல் நான்கு இலக்கங்கள் கிளையைக் காட்டும். அடுத்த இரண்டு சேமிப்பா, நடப்பா என்று கணக்கின் வகையைக் காட்டும். மீதி எட்டும் அந்தக் கிளையில் அந்தக் கணக்கின் வரிசை எண். விஜயா வங்கியின் எண்ணோ 15 இலக்கம், தேனா வங்கியினது 12 இலக்கம். எண்ணுக்குள்ளேயே கிளையையும் வகையையும் பொதித்துவைக்கும் வங்கி, வேறு அளவுள்ள எண்களைத் தன் வரிசைக்குள் கொண்டுவர நினைத்தபோது, எல்லாருக்கும் தன் முறைப்படி புது எண் கொடுத்தது. கூடவே வாடிக்கையாளர் அடையாள எண்ணும் மாறியது.

கனரா வேறு வழியில் போனது. சிண்டிகேட்டின் 14 இலக்க எண்களைத் தன் 13 இலக்க எண்களுக்குப் பக்கத்திலேயே வாழவிட்டது. மாற்ற வேண்டியதைக் கிளை அளவிலேயே முடித்துக்கொண்டது. அதற்கு அது கையாண்ட சூத்திரம் மிக எளிமையானது: முன்னிருந்த SYNB என்ற நான்கு எழுத்துகளுக்குப் பதில் CNRB, பின்னிருந்த கிளை எண்ணுடன் 10000 கூட்டல். ஒரு கிளையின் பழைய குறி SYNB0001234 என்று வைத்துக்கொண்டால் புதியது இப்படி வரும்:

```
SYNB0001234  ->  CNRB0011234
```

ஐஎஃப்எஸ்சி எப்போதும் 11 எழுத்துகள் கொண்டது. முதல் நான்கு வங்கி, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு கிளை. கனராவுக்கு ஏற்கெனவே 1234 என்று ஒரு கிளை இருக்கலாம். 10000 கூட்டியதால் இரண்டும் மோதிக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் தன் புதிய குறியைத் தானே மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துவிட முடிந்தது. பாங்க் ஆஃப் பரோடாவின் பக்கத்தில் அந்த வசதி இல்லை. அந்த வங்கி கிளைக்குறியில் இலக்கங்களுக்குப் பதிலாக ஊர்ப்பெயரின் எழுத்துகளைப் பயன்படுத்துவது வழக்கம். விஜயாவிலிருந்து வந்த கிளைகளுக்கு BARB0VJ என்றும், தேனாவிலிருந்து வந்தவற்றுக்கு BARB0DB என்றும் தொடங்கி, அதன்பின் நான்கு எழுத்துகள் வரும் குறிகள் தரப்பட்டன. அந்த நான்கு எழுத்துகளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. வங்கி சொன்னால்தான் தெரியும். ஐந்தாவது எழுத்தை ஆங்கில ஓ என்று நினைத்துத் தட்டிவிடும் தவறும் இங்கேதான் அதிகம் நேரும், ஏனென்றால் சுற்றிலும் எல்லாம் எழுத்துகளே.

இரண்டு கால அட்டவணைகள்

இணைப்பு நாளும் குறிகள் மாறும் நாளும் ஒன்றல்ல. இதை மறப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டப்படி வங்கி இணைந்த அன்று பெயர்ப்பலகை மட்டும் மாறும். கணினியில் கணக்குகள் இடம்பெயர்வது அதன்பின் ஒன்று, ஒன்றரை ஆண்டுகள் கழித்து. பழைய குறிகள் செத்துப்போவது அதற்கும் பிறகு.

விஜயா வங்கியின் 2,128 கிளைகளும் 2020 செப்டம்பருக்குள் பாங்க் ஆஃப் பரோடாவின் அமைப்புக்குள் வந்தன. தேனாவின் 1,770 கிளைகள் டிசம்பரில் முடிந்தன. கிளை கிளையாகக் கணக்குகள் இடம்மாறியபோது புது எண் குறுஞ்செய்தியில் வந்தது. வராதவர்கள் MIGR என்று தட்டி, பழைய கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சேர்த்து வங்கிக்கு அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தது. VIJB, BKDN என்று தொடங்கும் பழைய ஐஎஃப்எஸ்சி குறிகள் 2021 மார்ச் 1 முதல் செல்லாதவை ஆயின. பழைய காசோலைகளுக்கு அதே மார்ச் 31 வரை கெடு இருந்தது.

கனரா பக்கம் கெடு ஒன்றுதான்: 2021 ஜூன் 30. மறுநாள் ஜூலை 1 முதல் SYNB என்று தொடங்கும் ஐஎஃப்எஸ்சி, சிண்டிகேட்டின் காசோலைகள், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பப் பயன்பட்ட சிண்டிகேட்டின் ஸ்விஃப்ட் குறி எல்லாம் ஒன்றாக விடைபெற்றன. வளைகுடாவிலிருந்து மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள் தங்கள் பணமாற்று நிறுவனத்தில் சேமித்துவைத்திருந்த பெறுநர் விவரத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. ஊரில் இருப்பவருக்கு அந்த விவரம் கண்ணில் படுவதே இல்லை என்பதால் இது எளிதில் விட்டுப்போகும்.

ஆக, விஜயா வாடிக்கையாளர் தன் எண் மாறியதை அறிந்த நாளுக்கும் பழைய குறி இறந்த நாளுக்கும் நடுவே குறைந்தது ஐந்து மாதம் இருந்தது. சிண்டிகேட் வாடிக்கையாளருக்கு அப்படி ஒரு அதிர்ச்சி நாள் என்று எதுவும் இல்லை. பாஸ்புக்கில் அதே எண், ஏடிஎம்மில் அதே இருப்பு. ஜூன் 30 வரை பழைய குறிக்கு வந்த பணமும் சேர்ந்துகொண்டே இருந்தது. ஜூலையில்தான் தெரிந்தது.

வரும் பணம் எங்கே தடுக்கும்

இரு பக்கத்திலும் தவறு நேரும் விதம் வேறு. அதைப் புரிந்துகொள்ள நெஃப்ட் முறையில் பணம் எப்படிச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். அனுப்புபவர் மூன்று விவரம் தருகிறார்: பெறுநரின் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. ஐஎஃப்எஸ்சி பணத்தை எந்த வங்கிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பின் கணக்கு எண் யாருக்கு வரவு வைக்க வேண்டும் என்று சொல்கிறது. பெயர் பெரும்பாலும் வெறும் துணைதான். கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கப்படும் என்பதுதான் ரிசர்வ் வங்கி நெடுங்காலமாகச் சொல்லிவந்த விதி.

சிண்டிகேட் வாடிக்கையாளரின் பழைய குறியை யாராவது ஜூலைக்குப் பின் பயன்படுத்தினால் பணம் முதல் படியிலேயே நின்றுவிடும். கையால் தட்டும் இடத்தில் அனுப்பும் வங்கியின் பட்டியலிலேயே அந்தக் குறி இருக்காது. திரை ஏற்க மறுக்கும். நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான பெயர்களைக் கோப்பாக ஏற்றும் இடத்தில் அந்த ஒரு வரி தள்ளப்பட்டுப் பணம் அனுப்பியவரிடமே திரும்பும். இரண்டு வகையிலும் பணம் தொலையாது. தாமதம் மட்டும்தான். ஆனால் அந்தத் தாமதத்தை யார் கவனிப்பார்கள் என்பதே கேள்வி. தள்ளுபடிச் செய்தி அனுப்பியவருக்குப் போகும். பெற வேண்டியவருக்கு எந்தச் செய்தியும் வராது.

விஜயா வாடிக்கையாளருக்கு ஆபத்து இரண்டாம் படியிலும் உண்டு. புதிய ஐஎஃப்எஸ்சி சரியாக இருந்து, புதிய 14 இலக்க எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம்மாறிப் பதிவானால், பணம் தடுக்கப்படாமல் வங்கிக்குள் போய்விடும். அப்படி ஒரு கணக்கு இல்லையென்றால் திரும்பிவிடும். தப்பித்தவறி இருந்துவிட்டால் முன்பின் தெரியாத ஒருவருக்கு வரவாகும். திரும்பி வாங்குவது அவரது சம்மதத்தைப் பொறுத்த நீண்ட காரியம். 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் அனுப்புமுன் பெறுநரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதால் இந்த ஆபத்து இப்போது குறைந்திருக்கிறது. 2020இல் அது இல்லை. அப்போது பாதுகாப்பு ஒன்றுதான்: எண்ணை வாயால் சொல்லாமல், பாஸ்புக்கின் முதல் பக்கத்தையோ புதிய காசோலையையோ காட்டிப் பதியவைப்பது, முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லிப் பார்ப்பது. இன்றும் அது நல்ல வழக்கம்தான்.

ஒரே வீட்டில் இரண்டு கணக்குகள்

இந்த வேறுபாடு நடைமுறையில் எப்படி விரியும் என்று பார்க்க ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மதுரையில் அக்காவும் தம்பியும். இருவரும் தனியார் நிறுவன ஊழியர்கள். அக்காவின் கணக்கு விஜயா வங்கியில், தம்பியினது சிண்டிகேட்டில். இருவர் கணக்கையும் நம்பி ஐந்து விஷயங்கள் ஓடுகின்றன: சம்பளம், வருங்கால வைப்பு நிதி, வருமான வரி ரீஃபண்ட், மாதாந்தர மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு, சமையல் எரிவாயு மானியம்.

அக்காவுக்கு 2020 செப்டம்பரில் புதிய எண் குறுஞ்செய்தியாக வருகிறது. கிளைக்குப் போய்ப் புதிய பாஸ்புக்கும் காசோலைப் புத்தகமும் வாங்குகிறார். புதிய காசோலை ஒன்றைக் கோடு கிழித்து ரத்து செய்து அலுவலகக் கணக்குப் பிரிவில் கொடுக்கிறார். அடுத்த சம்பளம் புது எண்ணுக்கு வருகிறது. வைப்பு நிதித் தளத்தில் கேஒய்சி பகுதியில் புதிய வங்கி விவரத்தைச் சேர்க்கிறார். அந்தக் காலத்தில் நிறுவனம் மின்கையொப்பமிட்டு ஒப்புதல் தந்தால்தான் அது ஏறும். அதுவரை பழைய எண்ணே பதிவில் நிற்கும். இப்போது, 2025 ஏப்ரல் அறிவிப்புக்குப் பின், அந்த நிறுவன ஒப்புதல் தேவையில்லை. வருமான வரித் தளத்தில் My Bank Account என்ற பகுதியில் பழைய கணக்கை நீக்கிப் புதியதைச் சேர்த்துச் சரிபார்க்கக் கொடுக்கிறார். பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒத்திருந்தால்தான் Validated என்று வரும். இல்லையென்றால் அந்தக் கணக்குக்கு ரீஃபண்ட் போகாது.

தம்பிக்கு எண் மாறவில்லை. கனரா அனுப்பிய குறுஞ்செய்திகளைப் படித்துவிட்டு, கணக்கு எண் அதேதானே என்று விட்டுவிடுகிறார். ஜூன் மாதச் சம்பளம் ஜூன் 30 அன்று வந்துவிடுகிறது. ஜூலைச் சம்பளம் வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அலுவலகத்தில் கேட்கிறார். கோப்பில் அவர் வரி மட்டும் திரும்பிவந்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஐஎஃப்எஸ்சியை மாற்றியதும் சரியாகிறது. இத்துடன் முடிந்தது என்று நினைக்கிறார். நவம்பரில் வைப்பு நிதியிலிருந்து முன்பணம் கேட்டு விண்ணப்பிக்கிறார். பதிவில் இருக்கும் SYNB குறி செல்லாது என்று விண்ணப்பம் நிற்கிறது. வருமான வரி ரீஃபண்ட் வங்கியில் சேராமல் திரும்புகிறது. தளத்தில் அதே கணக்கு எண்ணை வைத்துக்கொண்டே ஐஎஃப்எஸ்சியைத் திருத்தி மறுசரிபார்ப்பு செய்து, அதன்பின் ரீஃபண்டை மறுபடி அனுப்பும்படி தனியாக ஒரு கோரிக்கையும் வைக்க வேண்டியிருக்கிறது. கணக்கைத் திருத்தினால் பணம் தானாக வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் இந்த இரண்டாம் படியை விட்டுவிடுகிறார்கள்.

மியூச்சுவல் ஃபண்டில் இருவருக்கும் ஒரே பொறி காத்திருக்கிறது. மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ள அவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதி ஒரு பதிவு. முதலீட்டை விற்றால் பணம் வர வேண்டிய கணக்கு இன்னொரு பதிவு. இரண்டும் ஒரே கணக்காக இருந்தாலும் தனித்தனி இடங்களில் கிடக்கின்றன. எடுப்பு அனுமதியை இணைந்த வங்கியே பழையதிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டு, தவணை தடையில்லாமல் போகலாம். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்பிவிட்டால், விற்கும் நாளில்தான் வரவுப் பதிவில் பழைய குறி இருப்பது தெரியும். வெளியே போகும் பணம் ஒழுங்காகப் போவது, உள்ளே வரும் பணம் ஒழுங்காக வரும் என்பதற்குச் சான்று ஆகாது. தவணை தடைப்பட்டால் அதற்கான அடையாளம் திரும்பிய காரணத்தில் இருக்கும். "Account Closed or Transferred" அல்லது "No Such Account" என்று வந்து, கணக்கில் போதிய பணமும் இருந்தால், பிழை அனுமதியில் இருக்கும் பழைய எண்ணில்தான். அப்போது வங்கியில் முறையிடுவதைவிட ஃபண்டு நிறுவனத்தில் புதிய அனுமதிப் படிவம் கொடுப்பதே விரைவான வழி.

எரிவாயு மானியத்தில் மட்டும் இருவருக்கும் வேலையே இல்லை. அந்தப் பணம் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் வைத்திருக்கும் பட்டியலில் ஒரு ஆதார் எண்ணுக்கு நேரே எந்த வங்கி என்று மட்டும்தான் இருக்கும்; கணக்கு எண்ணோ கிளைக்குறியோ அதில் இல்லை. இணைப்பின்போது அந்த வங்கிப் பெயரை மாற்றுவது வங்கியின் வேலை. கணக்குக்காரர் செய்ய வேண்டியது, ஆதார் தளத்தில் Bank Seeding Status என்ற இடத்தில் புதிய வங்கியின் பெயர் வருகிறதா என்று ஒருமுறை பார்ப்பதுதான். அங்கே வேறு ஏதோ வங்கி இருந்தால், எப்போதோ திறந்து மறந்த கணக்கில் மானியம் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

காசோலையில் இருவரும் ஒன்று

காசோலை விஷயத்தில் இரண்டு இணைப்புகளுக்கும் வேறுபாடு இல்லை. கணக்கு எண் மாறினாலும் மாறாவிட்டாலும் பழைய புத்தகம் போகத்தான் வேண்டும். காரணம் காசோலையின் அடியில் காந்த மையில் அச்சடித்திருக்கும் வரி. அதன் நடுவே ஒன்பது இலக்க எம்ஐசிஆர் குறி இருக்கிறது. முதல் மூன்று இலக்கம் ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. சென்னைக்கு 600. சிண்டிகேட்டின் வங்கி எண் 025, கனராவுக்கு 015, விஜயாவுக்கு 029, பாங்க் ஆஃப் பரோடாவுக்கு 012. ஆகவே சென்னைச் சிண்டிகேட் கிளையின் காசோலை 600025 என்று தொடங்கும். இணைப்புக்குப் பின் வந்தது 600015 என்று தொடங்கும்.

காசோலையை வங்கியில் போட்டால் இப்போது தாள் பயணம் செய்வதில்லை. அதன் படம்தான் போகிறது. எந்த வங்கிக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது நடுவில் உள்ள அந்த மூன்று இலக்கங்கள். 025 என்ற பெயரில் யாரும் இல்லாதபோது படம் போய்ச் சேர இடமில்லை. கணக்கில் பணம் இருக்கிறதா, கையெழுத்து சரியா என்ற கேள்விகளுக்கு முன்பே அது திரும்பிவிடுகிறது. இது பணம் இல்லாமல் திரும்பியதற்குச் சமமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. அலகாபாத் வங்கி 2020இல் இந்தியன் வங்கியுடன் இணைந்தது. அதன் பழைய காசோலைகளுக்கு 2021 செப்டம்பர் 30 வரை கெடு இருந்தது. 2023இல் ஒருவர் கொடுத்த அலகாபாத் வங்கிக் காசோலை திரும்பியபோது பெற்றவர் வழக்குப் போட்டார். 2024இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அந்தக் காசோலை செல்லாதது, ஆகவே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பு காசோலை கொடுப்பவரைவிட வாங்குபவருக்குத்தான் எச்சரிக்கை. கடனுக்கு ஈடாகத் தேதியில்லாத காசோலை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைப்பது நம் கடைவீதிகளில் சாதாரணம். அந்த வங்கி இணைந்து, கெடு முடிந்த பின் அதை எடுத்துப் போட்டால் பணமும் வராது, காசோலை வழக்கும் நிற்பது கடினம். கடனுக்கான வேறு சான்று இருந்தால்தான் உரிமையியல் வழக்குக்கு வழி இருக்கும். ஆகவே இணைப்பு என்று கேள்விப்பட்டதும் பெட்டியில் இருக்கும் காசோலைகளை எடுத்து, நடுவில் உள்ள மூன்று இலக்கங்களைப் பார்த்து, பழையது என்றால் திருப்பிக் கொடுத்துப் புதியது கேட்பது வாங்கியவரின் பொறுப்பு. கொடுத்தவர் தன் பக்கம், மாற்றிக்கொடுத்த பழைய காசோலைகளை எண் வாரியாகக் கேட்டு வாங்கிக் கிழித்துவிட வேண்டும். வீட்டுக் கடனுக்கோ வண்டிக் கடனுக்கோ பின்தேதிக் காசோலைகள் கொடுத்திருந்தால் அவையும் இதில் அடங்கும்.

எது நல்ல வழி

வாடிக்கையாளருக்கு எது குறைந்த தொல்லை என்று கேட்டால் கனராவின் வழிதான். கணக்கு எண் மாறாததால் தவறான ஆளுக்குப் பணம் போகும் ஆபத்து எழவில்லை. புதிய குறியைத் தானே கணக்கிட்டுக்கொள்ள முடிந்தது. கெடுவும் ஒன்றே ஒன்று. பாங்க் ஆஃப் பரோடாவின் வழியில் ஒவ்வொருவரும் கணக்கு எண் பதிந்த இடங்களை எல்லாம் தேடிப் போக வேண்டியிருந்தது. ஆனால் அப்படித் தேடிப் போனவர் ஐஎஃப்எஸ்சியையும் அதே நேரத்தில் மாற்றிவிட்டார். அடுத்த ஆண்டு எதிர்பாராமல் எதுவும் திரும்பவில்லை. கனரா பக்கத்தில் தொல்லை குறைவு, ஆனால் அது தவணை முறையில், ஒவ்வொரு இடத்திலும் பணம் தேவைப்பட்ட நாளில் வந்தது. அவசரச் செலவுக்கு வைப்பு நிதியைக் கேட்கும் நாளில் ஐஎஃப்எஸ்சி பிழை தெரிவதைவிட, நிதானமான ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றுவது மேல்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்குக்காரருக்கு ஒரு முறை கிடைக்கிறது. எந்தெந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நீளமான பட்டியல் போடுவதைவிட, ஒவ்வொரு நிறுவனமும் நம்மை எந்த அடையாளத்தால் பிடித்துவைத்திருக்கிறது என்று கேட்பதே சுருக்கமான வழி. ஆதாரால் பிடித்திருந்தால் பார்த்தால் போதும், மாற்ற வேண்டியதில்லை. ஐஎஃப்எஸ்சியால் பிடித்திருந்தால், கணக்கு எண் மாறாத இணைப்பிலும் மாற்ற வேண்டும்: சம்பளம், வைப்பு நிதி, வரி ரீஃபண்ட், காப்பீட்டு முதிர்வு, டீமேட் கணக்கு, வெளிநாட்டுப் பணம் எல்லாம் இந்த வகை. எம்ஐசிஆரால் பிடித்திருப்பது காசோலை. எந்த இணைப்பிலும் அது போகும். கணக்கு எண் மாறும் இணைப்பில் மட்டும் இவற்றுடன் எடுப்பு அனுமதிகளையும் வைப்புத்தொகை ரசீதுகளையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

திருத்தும்போது புதிய குறியை எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். இணையத் தேடலில் மேலே வரும் தளங்களில் செத்துப்போன குறிகள் இன்றும் கிடக்கின்றன. புதிய காசோலை, புதிய பாஸ்புக், வங்கியின் சொந்தத் தளம், ரிசர்வ் வங்கியின் ஐஎஃப்எஸ்சி பட்டியல் ஆகிய நான்கில் ஒன்றிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு. இணைப்பைக் காரணம் காட்டித் தொலைபேசியில் ஓடிபி கேட்பவர் எவரானாலும் வங்கிக்காரர் அல்ல. குறிகளை மாற்ற எந்த வங்கிக்கும் வாடிக்கையாளரின் ஓடிபி தேவையில்லை.

பொதுத்துறை வங்கிகளின் இணைப்பு அலை ஓய்ந்தபின் கிராம வங்கிகளின் முறை வந்தது. 2025 மே 1 அன்று நாட்டில் 26 மண்டல கிராம வங்கிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, மொத்த எண்ணிக்கை 43இலிருந்து 28 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019இலேயே தமிழ்நாடு கிராம வங்கியாகிவிட்டன. இனி வரும் எந்த இணைப்பிலும் வங்கியின் முதல் குறுஞ்செய்தி கையில் கிடைத்ததும் அதில் தேட வேண்டியவை இரண்டு: கணக்கு எண் மாறுகிறதா, பழைய ஐஎஃப்எஸ்சி எந்தத் தேதியோடு முடிகிறது. முதல் கேள்விக்கு இல்லை என்று விடை வந்தால், இரண்டாவது தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டியது இன்னும் அவசியமாகிறது.